மூன்றாம் படமும் ஒன்பதாம் படமும்

என் தங்கையை மரச்சாமான் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எக்ஸ்ரே என்பார்கள். பிளைவுட் ஷீட்டின் ஓரத்தைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். உள்ளே என்ன மரம், எத்தனை அடுக்கு, என்ன பசை, மேசைக்கு ஆகுமா, தண்ணீர் படும் இடத்துக்கு ஆகுமா என்று சொல்லிவிடுவாள். பெயர் வைத்தவர், பலகையில் மைக்கா ஒட்டும் பிரஸ் மெஷினில் நிற்கும் பெரியவர். அவர் கிண்டலுக்குத்தான் வைத்தார். இப்போது எங்கெங்கோ இருக்கும் தச்சர்கள்கூட எக்ஸ்ரே அம்மா இருக்காங்களா என்று கேட்டுத்தான் பட்டறைக்குப் போன் செய்கிறார்கள்.

நான் அதே பட்டறையில் வேன் ஓட்டுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். அவள் பன்னிரண்டு முடித்தவள். அவளைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி, நான் அவளுடைய அண்ணன் என்பதும், அந்த வியாழக்கிழமை காலையிலிருந்து மதியம் வரை அவள் பக்கத்திலேயே நின்றேன் என்பதும்தான். வேனுக்காக நேரம் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் இதில் வரும் நேரமெல்லாம் சரியானது.

அவள் பத்தொன்பது வயதில் இங்கே வந்தாள். கொடுத்த வேலை தேய்ப்பு மேசை. காலையிலிருந்து மாலை வரை மணல்தாள் வைத்துப் பலகை ஓரங்களைத் தேய்க்க வேண்டும். நாள் முழுக்க கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வெட்டிய ஓரங்களே இருந்ததால் அவள் அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குப்பைக்குப் போகும் துண்டுகளை எடுத்துவந்து, எந்த ஆலை, முதுகில் என்ன முத்திரை, எத்தனை மில்லிமீட்டர் என்று பேனாவால் எழுதிச் செருப்புப் பெட்டிகளில் அடுக்குவாள். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பதினோரு பெட்டிகள் இருந்தன. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க அம்மா அந்தக் கட்டிலின் மேல் போர்வையைத் தரை வரை இழுத்துவிட்டார். கல்யாணமாகிப் போனபோது நகைப் பெட்டிக்கு முன்னால் அந்தப் பதினொன்றும்தான் என் வேனில் ஏறின.

பிறகு தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆறாவது வருடம் இருமல் பிடித்தது. இரவெல்லாம் உட்கார்ந்துகொண்டே தூங்கினாள். மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து வந்தது. தேய்ப்பு மேசையில் இருந்தால் இது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் ஒரு தச்சர் அலமாரிக் கதவுக்கு வாங்கிய மைக்கா ஷீட்டுகள் இரண்டைக் கொண்டுவந்து, ஒட்டித் தரச் சொன்னார். இரண்டும் ஒரே நிறம், ஒரே நிற எண். அவள் இரண்டின் முதுகையும் திருப்பிப் பார்த்து, தயாரிப்புத் தொகுதி எண் வேறு வேறு, பக்கத்துப் பக்கத்துக் கதவில் ஒட்டினால் பகல் வெளிச்சத்தில் ஒன்று மங்கலாகத் தெரியும் என்றாள். ஓரத்தில் நகத்தை வைத்து, ஒன்று முழு ஒரு மில்லிமீட்டர், மற்றது கொஞ்சம் குறைவு என்றும் சொன்னாள். அளந்தால் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் எட்டு பங்குதான் இருந்தது. முதலாளி அன்று அங்கே நின்றிருந்தார். அடுத்த வாரம் அவளைத் தேய்ப்பு மேசையிலிருந்து எடுத்து, சரக்குப் பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார். கிடங்கிலிருந்து வரும் படங்களைப் பார்த்து, ஏற்கலாம் அல்லது வேண்டாம் என்று படிவத்தில் கையெழுத்துப் போடும் வேலை. இருமல் நின்றது. ஒன்பது வருடமாக அந்த மேசைதான்.

இதற்கு நடுவில் ஒரு சறுக்கல். அந்த வியாழனுக்கு மூன்று மாதம் முன் வந்த ஒரு சரக்கின் படங்களில் பசைக் கோடுகள் வெளுப்பாக இருந்தன. தண்ணீர் தாங்கும் உயர்ந்த பசை பெரும்பாலும் அடுக்குகளுக்கு நடுவே கரும்பழுப்புக் கோடாகத் தெரியும். சாதாரணப் பசை வெளிறிப்போய், இருப்பதே தெரியாமல் இருக்கும். அவள் வேண்டாம் என்று எழுதிவிட்டாள். ஆனால் வெளுப்பாக இருந்தும் கொதிநீரைத் தாங்கும் இன்னொரு வகைப் பசை இருக்கிறது. அந்தச் சரக்கு அது. வெளியே கொடுத்து மூன்று நாள் வேகவைத்துப் பார்த்தார்கள். பிரியவில்லை. பட்டறை நான்கு நாள் சும்மா நின்றது. முதலாளி கத்துகிறவர் அல்ல. இன்னொரு தடவை இப்படி ஆனால் மறுபடியும் தேய்ப்பு மேசைதான் என்று சொன்னார், அவ்வளவுதான். சொன்னால் செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் வேனில் வரும்போது அவள் கைப்பையைத் திறந்து மூச்சு மருந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அதைப் பல வருடமாக அவள் எடுத்ததில்லை.

அந்த வியாழக்கிழமை வந்த சரக்கு, மருத்துவமனை ஒன்றின் புதிய பிரசவ வார்டுக்கு. கை கழுவும் தொட்டிகளுக்குக் கீழே நிற்கும் அலமாரிகள், நாற்பத்திரண்டு. தினமும் மூன்று தடவை தரையைக் கழுவுவார்கள். தொட்டியிலிருந்து தண்ணீர் வழியும். சாதாரண ஈரம் தாங்கும் பிளைவுட் போட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் அடி ஊதி, அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். அதனால் கொதிநீர் தாங்கும் தரம், பதினெட்டு மில்லிமீட்டர், நாற்பத்தெட்டு ஷீட்டு. கிடங்கு தூரத்தில் இருப்பதால் வழக்கம்போலப் படத்தில்தான் பார்த்தாள். ஆலையில் ஷீட்டின் ஓரங்களில் சிவப்புச் சாயம் அடித்துவிடுவார்கள். உள்ளே இருப்பது தெரியாது. எனவே பன்னிரண்டு ஷீட்டுகளில் ஒரு மூலையில் சாயத்தைச் சுரண்டி, ஓரத்தை ஒரு படமும் முத்திரையை ஒரு படமும் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். வந்தன. ஒவ்வொன்றிலும் பதிமூன்று அடுக்கு, சீரான தடிமன், கருத்த பசைக் கோடு. முத்திரையில் தர எண், ஆலையின் உரிம எண், பசை வகை, தடிமன், தொகுதி எல்லாம் சரி. புதன்கிழமை ஏற்கலாம் என்று கையெழுத்திட்டாள். வியாழன் காலை எட்டரைக்கு லாரி வந்து நாற்பத்தெட்டையும் பிரஸ் கூடத்தில் ஒரே அடுக்காக இறக்கிவிட்டுப் போனது.

ஒன்பது இருபதுக்கு நான் சாவி எடுக்க அவள் மேசைக்குப் போனேன். படங்களைக் கோப்பில் போடுவதற்காகக் கணினியில் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். கை நின்றிருந்தது. பிறகு போனில் ஒரு படத்தைத் திறந்து, போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள்.

"அண்ணா, இங்க வா. இதுல என்ன தெரியுது?"

திரையில் இருந்தது மூன்றாம் படம். மேலிருந்து நான்காவது அடுக்கில் அரிசி அளவுக்கு ஒரு கருப்பு இடைவெளி. அதற்கு இடது பக்கம் ஓர் அடுக்கின் முனை இன்னொன்றின் மேல் ஏறி, சின்ன மேடு. இந்த மாதிரிக் குறை ஒன்றிரண்டு நல்ல ஷீட்டிலும் இருக்கும், அதற்காகத் தள்ள மாட்டார்கள் என்று அவள் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். கையில் போனில் இருந்தது ஒன்பதாம் படம். அதில் அரிசி அளவு இடைவெளி கீழிருந்து நான்காவது அடுக்கில், மேடு வலது பக்கம். போன் தலைகீழாக இருக்கும்போது இரண்டும் ஒன்று. மரத்தின் ரேகைகூட ஒன்று.

ஒரே ஷீட்டைப் புரட்டிப் போட்டு இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள். அவள் மற்றப் படங்களையும் அப்படியே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு ஓரப் படமும் மூன்று ஷீட்டாகச் சுருங்கிவிட்டது.

"மூணு ஷீட்டைப் பார்த்துட்டு நாற்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றாள். குரல் ஏறவில்லை. ஆனால் காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதில் மார்க் குறைந்தால் அப்படித்தான் ஆகும்.

நான் பேசாமல் இருந்துவிடச் சொல்லியிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைக்கவில்லை. மீதி நாற்பத்தைந்தும் நல்லதாகவே இருக்கலாம். படம் எடுத்தவன் சோம்பேறியாக இருக்கலாம். வாய் திறந்து, சரக்கு நல்லதென்று ஆனால் இரண்டாவது தடவை வேலையை நிறுத்தியவளாகிவிடுவாள். தேய்ப்பு மேசை காத்திருந்தது. அவள் எழுந்து முதலாளி அறைக்கு நடந்துகொண்டிருந்தாள்.

முதலாளி இரண்டு படத்தையும் வெகுநேரம் பார்த்தார். கிடங்குக்காரருக்குத் தானே போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்தார். கிடங்குக்காரர் சிரித்தார். படம் எடுத்தவன் புதுசு, சுரண்டுவதற்குச் சோம்பல்பட்டு அதையே திருப்பி எடுத்திருப்பான், சரக்கு ஒரே தொகுதி, வேண்டுமானால் முத்திரையைப் பாருங்கள் என்றார். சுரண்டிய மூலைகளையும் நனையாமல் இருக்கத் திரும்பச் சாயம் அடித்துத்தான் அனுப்பினோம் என்றும் சொன்னார். எல்லாமே நம்பும்படி இருந்தது.

முதலாளி போனை வைத்தார். "ஏம்மா, போன தடவை நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"ரெண்டு மணிக்குப் பிரஸ் ஏறும். மைக்கா ஒட்டிட்டா முத்திரையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு நான் வாக்குக் கொடுத்தாச்சு. ஒரு ஷீட்டை வெட்டிக்கோ. அதுக்குள்ள காட்டு. இல்லன்னா கையெழுத்துப் போட்டது போட்டதுதான்."

அப்போது ஒன்பது ஐம்பது.

பிரஸ் கூடத்தில் பெரியவர் மைக்கா ஷீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடம் அதே மெஷினில் நிற்பவர். அவள் கேட்டதும், மேலே கிடந்த ஷீட்டை நாங்கள் இருவரும் இறக்கி வைத்தோம். முத்திரை இருந்த மூலையில் நான்கு அங்குல அகலத்தில் ஒரு பட்டை அறுத்தாள். வெட்டிய முகத்தில் பதிமூன்று அடுக்கும், மை போட்டது போன்ற பசைக் கோடுகளும் தெரிந்தன. ஆனால் சாதாரணப் பசையில் சாயம் கலந்து கருப்பாக்கும் ஆலைகள் உண்டு, கண்ணை நம்ப முடியாது, தண்ணீர்தான் சொல்ல வேண்டும் என்றாள். பட்டையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஐந்து துண்டு வெட்டி, டீ போடும் அறையின் பெரிய பாத்திரத்தில் போட்டு, மிதக்காமல் இருக்க மேலே ஒரு சல்லடையைக் கவிழ்த்தாள். பத்து இருபதுக்குக் கொதி வந்தது. நல்ல தரத்துக்குச் சட்டப்படியான சோதனை நாள்கணக்கில் நடக்கும். ஆனால் சாதாரணப் பசை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பெரியவர் டீக்கு வந்தவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். "எக்ஸ்ரே, உப்பு போட்டியா? மரச் சூப்புக்குக் கொஞ்சம் தூக்கலாப் போடணும்."

"உங்களுக்குத்தான் முதல் கிண்ணம், அண்ணே. பல்லைப் பத்திரமா வச்சுக்குங்க."

அவர் சிரித்துக்கொண்டே டீ இல்லாமல் போனார். அவள் சிரிக்கவில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு துண்டை இடுக்கியால் எடுத்து, ஓரத்தில் கத்தி முனையை வைத்து அழுத்துவாள். கத்தி போகாது. திரும்பப் போடுவாள். பதினொன்று இருபதுக்குப் போகவில்லை. பன்னிரண்டுக்கும் போகவில்லை. பன்னிரண்டு பத்துக்கு முதலாளி வந்து, கத்தியைத் தானே வாங்கி நெம்பிப் பார்த்தார். மரம் நார் நாராகக் கிழிந்ததே தவிர அடுக்கு பிரியவில்லை. நல்ல ஒட்டு என்பதற்கு அதுதான் அடையாளம்.

அவர் கத்தியைக் கழுவி வைத்தார். "போதும்மா. சாப்பிடப் போ" என்றார். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் தாமதம் செய்ததும் தப்பு, சந்தேகப்பட்டதும் தப்பு என்று அவர் மனதில் எழுதிக்கொண்டு போனது போல இருந்தது.

டீ அறையில் நாங்கள் இருவரும்தான். பட்டையில் மிச்சமிருந்த நுனித் துண்டு அவள் மேலங்கிப் பையில் இருந்தது. கை சும்மா இருந்தால் அவளுக்கு ஆகாது. பையிலிருந்து மணல்தாளை எடுத்து, அந்தத் துண்டின் சிவப்பு ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஆறு வருடப் பழக்கம். பத்துத் தடவை இழுத்திருப்பாள். சாயம் போய் மரம் தெரிந்தது. நின்றுவிட்டாள்.

மேலிருந்து நான்காவது அடுக்கில் அரிசி அளவுக்கு ஓர் இடைவெளி. இடது பக்கம் சின்ன மேடு.

போனை எடுத்து மூன்றாம் படத்தின் பக்கத்தில் வைத்தாள். அதே ஷீட்டு. கிடங்கில் படம் எடுத்த நல்ல ஷீட்டை அடுக்கின் மேலே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஏற்கனவே பார்த்த சாட்சியையே இரண்டு மணி நேரம் வேகவைத்திருக்கிறாள்.

"நான் ஒரு மடச்சி அண்ணா. மேல கிடந்ததை எடுத்தேன்" என்றாள். மூச்சு லேசாக இழுத்தது. நான் மருந்தை எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம், கையுறையை எடு என்றாள்.

கூடத்தில் யாரும் இல்லை, சாப்பாட்டு நேரம். மேலேயிருந்து ஒவ்வொன்றாக நானும் அவளும் பக்கத்தில் இறக்கினோம். எட்டடிக்கு நான்கடி ஷீட்டு, இருவர் தூக்கினாலும் தோள் இறங்கும். ஏற்கனவே வெட்டியதோடு சேர்த்து முதல் ஐந்தும் அப்படித்தான் இருந்தன. ஆறாவதைத் தூக்கும்போது என் கை எதிர்பார்த்ததை விட வேகமாக மேலே வந்தது. லேசு. ஏழாவதும் லேசு. சொன்னேன்.

"எனக்கும் தெரிஞ்சது. ஆனா எடையை யாரும் நம்ப மாட்டாங்க. காஞ்ச மரம்னு சொல்லிடுவாங்க. கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒண்ணு வேணும்."

இருபதாவது ஷீட்டில் நிறுத்தச் சொன்னாள். முத்திரையைப் பார்த்தாள். எழுத்தெல்லாம் மேல் ஷீட்டில் இருந்தது போலவே. குனிந்து கன்னத்தைப் பலகையில் ஒட்டி, ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கத்திலிருந்து பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியை மூலையிலிருந்து உள்ளே நகர்த்தினாள். என் விரலையும் அதே இடத்தில் வைத்து நகர்த்தினாள். முத்திரை இருந்த இடம் ஒரு தட்டின் நடுவைப் போல மெல்லப் பள்ளமாக இருந்தது. கேட்காமல் தொட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

அங்கே ஓரத்தின் சாயத்தைத் தேய்த்தாள். பிளைவுட்டின் மேலே ஒட்டியிருக்கும் கடைசித் தோல், மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு பேனாக் கோடு அகலம் இருந்தது. மூலைக்கு வர வர மெலிந்து, முத்திரைக்கு நேர் கீழே காகிதம் போல ஆகி, அடியில் உள்ள கருத்த பசை மேலே நிழலாடியது. முதலில் இருந்த முத்திரையைத் தேய்த்து அழித்துவிட்டு, அதே இடத்தில் புது முத்திரை குத்தியிருக்கிறார்கள். தேய்ப்பு மேசையில் ஆறு வருடம் நின்றவளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

"முத்திரையைத் தனியா ஒரு படம், ஓரத்தைத் தனியா ஒரு படம் கேட்டேன்ல, அதான் தப்பு. முத்திரையை வேற வேற ஷீட்டுல எடுத்துட்டு, ஓரத்தை மட்டும் நல்ல மூணுல எடுத்திருக்காங்க. ரெண்டும் ஒரே மூலையில சேர்ந்து விழுற மாதிரி ஒரு படம் கேட்டிருந்தா புதன்கிழமையே தெரிஞ்சிருக்கும்."

ஆனால் தேய்த்த தழும்பு, அடியில் இருப்பது தாழ்ந்த பசை என்பதற்குச் சான்று ஆகாது என்று அவளே சொன்னாள். வேறு ஆலையின் நல்ல ஷீட்டாகவும் இருக்கலாம். போன தடவை கோட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லி மாட்டிக்கொண்டவள். முதலாளி ஒரு ஷீட்டைத்தான் வெட்டச் சொன்னார், இது இரண்டாவது என்று நான் நினைவுபடுத்தினேன். "தெரியும்" என்று அறுக்கும் மெஷினைப் போட்டாள்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஐந்து புதுத் துண்டுகள் கொதிக்கும் தண்ணீரில் இறங்கின. இந்தத் தடவை முதல் ஷீட்டின் ஐந்தையும் வெளியே எடுத்து, எண் எழுதிய தட்டில் வரிசையாக வைத்தாள்.

ஒன்று பத்துக்குத் தண்ணீர் பழுப்பாகியது. சாயம் இறங்குகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். மரமும் நிறம் விடும், முதல் தடவையும் விட்டது, அது கணக்கில் வராது என்றாள். ஒன்று இருபதுக்குக் கத்தியை வைத்தாள். போகவில்லை. வெளியே பெரியவர் சாப்பிட்டுவிட்டு வந்து பசை டிரம்மைக் கலக்கும் சத்தம் கேட்டது. கலக்கிய பசையை வைத்திருக்க முடியாது, பூசியே ஆக வேண்டும். நான் போய் அவரைப் பிடித்துவைக்கட்டுமா என்றேன். வேண்டாம், ரெண்டு மணி வரைக்கும் அவர் ஒட்ட மாட்டார் என்றாள். ஒன்று முப்பதுக்கும் கத்தி போகவில்லை. அவள் நெற்றியில் ஆவி படிந்து, பொட்டு கரைந்து இறங்கியிருந்தது. துடைக்கவில்லை.

ஒன்று முப்பத்தெட்டுக்குச் சல்லடைக்கு அடியில் ஒரு துண்டின் மூலை மெல்ல விலகியது. யாரும் தொடவில்லை. மேல் தோல் வாழைமட்டை போல வளைந்து எழுந்தது. அவள் இடுக்கியால் எடுத்து, கத்தி முனையை வைத்தாள். அழுத்தவில்லை. கத்தி வெண்ணெயில் போவதுபோல உள்ளே போனது. நான்காவது அடுக்கு கையோடு வந்தது. உள்ளே நார் கிழிந்த தடமே இல்லை. வழுவழுவென்று, ஒட்டியதே தெரியாமல் இருந்தது.

அவள் முதலாளி அறைக்கு ஓடவில்லை. மற்ற நான்கையும் எடுத்தாள். மூன்று பிரிந்தன, ஒன்று பிரியவில்லை. பிரியாததையும் அதே தட்டில் வைத்தாள். அதைக் கீழே போட்டுவிடேன் என்றேன். முறைத்தாள்.

முதலாளி தட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிரியாத துண்டைத்தான் முதலில் எடுத்தார். அதை அவள் மறைக்காமல் வைத்ததை அவர் கவனித்தார் என்று நான் நினைக்கிறேன். கட்டை விரலால் நெருக்கினார். அதுவும் இரண்டாகப் போனது. கூடத்துக்கு நடந்தார். பெரியவர் முதல் ஷீட்டைப் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் சாய்த்து, பசை உருளையைக் கையில் எடுத்திருந்தார்.

"கீழ வைங்க" என்றார் முதலாளி.

"கலக்கிட்டேனே."

"போகட்டும்."

பெரியவர் உருளையை வைத்துவிட்டு, தங்கையின் தட்டைப் பார்த்தார். பிரிந்த துண்டு ஒன்றை எடுத்து விசிறி போல விரித்தார். இருபத்தெட்டு வருடமாக நல்ல சரக்கென்று நம்பி எத்தனையை ஒட்டினோமோ என்று நினைத்தாரோ என்னவோ, அதற்குப் பிறகு அவர் சூப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

மூன்று மணிக்குள் நாற்பத்தெட்டு மூலைகளையும் விரலால் தடவி, ஓரம் தேய்த்துப் பார்த்தாள். முதலாளியும் கூடவே நின்று தடவினார். மேலே ஐந்து, கீழே நான்கு. ஒன்பதுதான் பள்ளமில்லாதது. மீதி முப்பத்தொன்பதும் தழும்பு. அந்த முப்பத்தொன்பதிலிருந்து கண்ணை மூடி ஆறு எடுத்து வேகவைத்தோம். ஆறும் வாய் திறந்தன. கிடங்குக்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ள லாரி அனுப்புகிறேன் என்றார். மருத்துவமனைக்கு ஆறு நாள் தள்ளிப்போகும் என்று முதலாளியே போனில் சொன்னார். அடுத்த முனையில் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. சரி, சரி, என் தப்புதான் என்று நான்கைந்து தடவை சொன்னது மட்டும் கேட்டது.

மாலையில் அவள் புதன்கிழமைப் படிவத்தை எடுத்து, கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்: மூன்று ஷீட்டின் பன்னிரண்டு படங்களைப் பன்னிரண்டு ஷீட்டு என்று எண்ணி ஏற்றது என் தவறு. வியாழன் முதலில் மேல் ஷீட்டைச் சோதித்ததும் என் தவறு. எழுதி, தேதி போட்டு, முதலாளி மேசையில் வைத்தாள். நான் வாசலில் நின்றேன். இரண்டாவது வரியை அவள் எழுதாமல் இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் இரண்டு தடவை படித்தார்.

"தப்பு ரெண்டு. ஒண்ணுக்கே என்ன சொன்னேன்?"

"தேய்ப்பு மேசைன்னு சொன்னீங்க சார்."

"உனக்குத்தான் தூசி ஆகாதே" என்று காகிதத்தை மடித்தார். அது அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு, இனிமேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை கிடையாது என்றார். அவள் தலையசைத்தாள். தண்ணீர் படுற சாமான் எதுவாக இருந்தாலும் அண்ணன் வேனில் ஏறிக் கிடங்குக்கே போய், ஷீட்டு ஷீட்டாக மூலையைத் தடவிப் பார்த்து, அடுக்கின் நடுவிலிருந்து வெட்டிக்கொண்டு வா என்றார். மற்றதற்கு மட்டும் படம். அதிலும் முத்திரையும் ஓரமும் ஒரே மூலையில் தெரிய வேண்டும், பக்கத்தில் அளவுகோல், சாக்பீஸில் ஷீட்டு எண். அவள் சொன்னதையே அவர் திருப்பிச் சொன்னார், தன்னுடையது போல.

அது தண்டனையா உயர்வா என்று இன்று வரை அவளுக்கும் எனக்கும் தெரியாது. மேசை நாற்காலி போய்விட்டது. மின்விசிறியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் காலை ஆறு மணிக்கு என் வேனில் முன்னால் ஏறி உட்காருகிறாள். மடியில் மணல்தாள், தடிமன் அளக்கும் வெர்னியர், ஒரு குட்டி டார்ச். கிடங்கில் லைட் சரியில்லை. தூசியும் உண்டு. முகத்தில் துணி கட்டிக்கொள்கிறாள். மருந்தைப் பையில் வைத்திருக்கிறாள், இதுவரை எடுக்கவில்லை.

ஆறு நாள் தள்ளி, புதுச் சரக்கில் செய்த அலமாரிகள் போயின. நான்தான் கொண்டுபோய் இறக்கினேன், அவளும் கூட வந்தாள். பிரசவ வார்டில் தரை கழுவுகிற அம்மா வாளியைச் சாய்த்து, ஒரு அலமாரியின் அடியில் தண்ணீரை விட்டுவிட்டுப் போனார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் தங்கை குனிந்து, அலமாரியின் அடி ஓரத்தை விரலால் ஒரு தடவை தடவினாள். பிறகு அடுத்ததுக்குப் போனாள். நாற்பத்திரண்டையும் தடவிவிட்டுத்தான் வேனில் ஏறினாள்.